நம்பரைப் பிடித்துக்கொண்டு பில்லை மாற்றுவது எப்படி?

*வெள்ளவத்தையில் இருக்கிறோம். வீட்டில் நான்கு போனும் ஒரே கம்பனியில் போஸ்ட்பெய்ட். மாதம் 9,600 ரூபா போகிறது. இன்னொரு கம்பனியில் 6,000க்கு முடிக்கலாம் என்கிறான் மகன். இவரோ, "நம்பர் 15 வருஷப் பழசு, வங்கி ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வருது, விடு" என்கிறார். மாறலாமா?*

மாறலாம், ஆனால் நால்வரும் ஒரே நாளில் வேண்டாம். உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயம் அவருடைய நம்பருக்குத்தான் பொருந்தும், வீட்டில் உள்ள எல்லா நம்பருக்கும் அல்ல. பிள்ளைகளின் நம்பரில் வங்கிக் கணக்கு எதுவும் இல்லை என்றால், புது நம்பரை நண்பர்களுக்குச் சொல்லிவிட்டால் போதும். ஆளுக்கு 900 ரூபா குறைகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து வருடத்துக்கு 21,600. முதலில் அவர்களை மாற்றுங்கள்.

உங்கள் இருவருக்கும் வேறு வழி. பழைய நம்பரை ரத்துச் செய்யாமல் ப்ரீபெய்டுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதை போனின் இரண்டாவது சிம் இடத்தில் போட்டுவிட்டு, டேட்டாவுக்கும் அழைப்புக்கும் புது சிம்மை வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும், ஓடிபியும் அதற்கே வரும். மாதம் 200 ரூபா ரீலோட் போட்டாலும் ஆளுக்கு 700 மிஞ்சும்.

கவனம் வேண்டியது இங்கேதான். ரீலோட் போடாமல் விட்டால் ப்ரீபெய்ட் நம்பர் காலாவதியாகும். சில காலம் கழித்து அதையே வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் உங்கள் ஓடிபி அந்நியர் போனுக்குப் போகும், அவர் உங்கள் நம்பரில் வாட்ஸ்அப்பும் திறக்கலாம். எத்தனை நாளுக்குள் ரீலோட் போட வேண்டும் என்று கேட்டு, கலண்டரில் குறித்துவையுங்கள். ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டால் ஓடிபித் தொல்லையாவது இல்லை.

பலர் மறக்கும் செலவு ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் எல்லாம் இப்போதைய கம்பனியிலேயே இருந்து, அவர்களோடு இலவசமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? புதுப் பெக்கேஜில் மற்ற நெட்வேர்க்குகளுக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். 15 வருஷம் கட்டிய காசையும் கணக்கில் சேர்க்காதீர்கள். இருந்தாலும் போனாலும் அது திரும்பி வராது.

மாறுவது கஷ்டம் என்றால் கம்பனிகள் முதலில் மலிவாகக் கொடுத்து ஆளைப் பிடிக்கும், பிறகு விலையை ஏற்றும். போல் கிளெம்பரர் என்ற பொருளியலாளர் 1980களிலேயே இதை விளக்கினார். ஆகவே 6,000 என்பது எத்தனை மாதத்துக்கு, அதற்குப் பிறகு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அந்த விலையோடு பழைய கம்பனியின் கவுண்டருக்கும் ஒருமுறை போய், நிலுவையும் ஒப்பந்தக் காலமும் மிச்சம் இருக்கிறதா, கட்டிய டெபாசிட் திரும்புமா என்று விசாரியுங்கள். போகப்போகிறீர்கள் என்று தெரிந்தால் அவர்களே விலையைக் குறைக்கக்கூடும். 7,000க்கு இறங்கினால் நான் அங்கேயே இருந்துவிடுவேன்.