படத்தைச் சரியாகத் தொட்டும் கேப்சா விடமாட்டேன் என்கிறதே!

கேள்வி: வாஷிங் மெஷின் வாங்கினேன். வாரண்டிக்குப் பதிவு செய்ய கம்பெனி வெப்சைட்டில் கணக்கு தொடங்க வேண்டுமாம். கேப்சாவில் பஸ், சிக்னல் எல்லாம் சரியாகத்தான் தொடுகிறேன். ஆனால் புதுப்புதுப் படமாக வந்துகொண்டே இருக்கிறது. ஒரு தடவை பச்சை டிக் விழுந்தது. பில் நம்பரைத் தேடி எழுதி முடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது. லேப்டாப்பில் குரோம், விளம்பரத் தடுப்பான், இலவச விபிஎன் எக்ஸ்டென்ஷன் எல்லாம் இருக்கின்றன. என்ன செய்வது?
— வாசகர், திருச்சி

பதில்: உங்களுக்கு நடந்தவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். டிக் அழிந்தது சின்ன விஷயம். பஸ், சிக்னல் படம் காட்டுவது பெரும்பாலும் கூகுளின் ரீகேப்சா. அதில் விழும் டிக் இரண்டே நிமிடம்தான் செல்லும். அதற்கு மேல் போனால் "Verification expired" என்று காட்டி, மறுபடி தொடச் சொல்லும். ஆகவே பில் நம்பர், மாடல் நம்பர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் முதலில் நிரப்பிவிட்டு, கடைசியாகக் கேப்சாவைத் தொடுங்கள். ஒரு டிக் ஒரு முறைக்குத்தான். பாஸ்வேர்டு சரியில்லை என்று படிவம் திரும்பி வந்தால் அதையும் புதிதாகத்தான் போட வேண்டும்.

படம் திரும்பத் திரும்ப வருவதற்கு உங்கள் கண் காரணமில்லை. சிக்னல் கம்பத்தையும் சேர்த்துத் தொட வேண்டுமா என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கேப்சா படத்தை மட்டும் பார்ப்பதில்லை. எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறீர்கள், பிரவுசரில் பழைய குக்கி இருக்கிறதா, பிரவுசர் இயல்பாக நடந்துகொள்கிறதா என்றும் பார்க்கிறது. வந்திருப்பது மனிதரா, தானியங்கி நிரலா என்று அங்கே சந்தேகம் வந்துவிட்டால், சரியாகத் தொட்டாலும் இன்னொரு படம் வரும். தொட்ட கட்டம் மெதுவாக மங்கி, அதே இடத்தில் புதுப்படம் எழும்புகிறதா? சந்தேகப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் கைவைப்பது அந்த இலவச விபிஎன் மீதுதான். அதன் ஒரே ஐபி முகவரியில் ஏராளமான பேர் ஒரே நேரத்தில் போய்வருகிறார்கள்; அவர்களில் தானியங்கி நிரல் ஓட்டுபவர்களும் உண்டு. அவர்கள் செய்வதற்கு நீங்கள் படம் தொடுகிறீர்கள். "Your computer or network may be sending automated queries" என்ற வரி வந்தால் நெட்வொர்க்தான் காரணம் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். விபிஎன்னை அணைத்து, பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து பாருங்கள்.

விளம்பரத் தடுப்பான் செய்யும் தொல்லை வேறு மாதிரி இருக்கும். அது கேப்சாவின் ஸ்கிரிப்டையே தடுத்துவிட்டால் பெட்டி வராது, அல்லது வெறும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்களுக்குப் படம் வருகிறது என்பதால் அதன் மீது எனக்குச் சந்தேகம் குறைவு. ஆனாலும் குக்கியைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனும், பிரவுசரின் அடையாளத்தை மாற்றிக் காட்டும் எக்ஸ்டென்ஷனும் கேப்சாவை உஷாராக்கும்.

எது என்று பிரித்தறிய, குரோமில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு Guest ஜன்னலைத் திறங்கள். அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் இயங்காது. எக்ஸ்டென்ஷனாகப் போட்ட விபிஎன்னும் சேர்ந்தே நின்றுவிடும். இன்காக்னிட்டோவை நான் சொல்லாததற்குக் காரணம், அங்கே மூன்றாம் தரப்புக் குக்கி வழக்கமாகத் தடுக்கப்பட்டிருப்பதால் சோதனை குழம்பும். Guest ஜன்னலில் பதிவு முடிந்துவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் ஓர் எக்ஸ்டென்ஷன். அங்கேயும் படம் ஓயவில்லை என்றால் வீட்டு வைஃபையை விட்டு, போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள். அதில் சரியானால் கோளாறு வீட்டு இணைப்பில். ஹாட்ஸ்பாட்டிலும் அதே கதை என்றால், போனில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுங்கள். போன் கம்பெனிகள் ஒரே ஐபி முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகின்றன. வேறொன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம், விடாமல் முயன்றுகொண்டே இருக்காதீர்கள். அதுவே சந்தேகத்தைக் கூட்டும். கொஞ்ச நேரம் விட்டுப் பிடியுங்கள்.

கேப்சா பெட்டியிலேயே "ERROR for site owner" என்று வந்தால் உங்களால் ஆவது ஒன்றுமில்லை. அது கம்பெனி சரிசெய்ய வேண்டியது. இன்னொன்று: விண்டோஸ் பட்டனையும் R-ஐயும் அழுத்தி எதையோ பேஸ்ட் செய்யச் சொல்லும் 'கேப்சா' வந்தால் உடனே மூடிவிடுங்கள். அது கம்ப்யூட்டரில் வைரஸ் ஏற்றும் மோசடி.

வாரண்டி அட்டையையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். சில கம்பெனிகளில் வாரண்டி பில் தேதியிலிருந்தே தொடங்கிவிடும். கூடுதல் வாரண்டிச் சலுகைக்கு மட்டும்தான் பதிவும் கெடுவும். கெடு நெருங்கினால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில் நகலோடு கஸ்டமர் கேருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். கெடு முடிந்த பிறகு சலுகையை மறுத்தால், அந்த மின்னஞ்சலை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.