பிடிச்ச டிடிஎஸ் காசு நூல் கடைக்குப் போனா என்ன ஆகும்?

கேள்வி: சார், திருப்பூர்ல சின்ன பனியன் கம்பெனி, என் பேர்ல ப்ரொப்ரைட்டர்ஷிப். போன வருஷ டர்ன்ஓவர் ரெண்டு கோடிக்கு மேல. தையலை வெளியில பவர் டேபிள்காரங்களுக்கு ஜாப் ஒர்க் குடுக்கறேன். மூணு பேரும் தனிநபர்தான், பான் இருக்கு, மாசம் மொத்தமா 8 லட்சம் பில் வரும், 1% பிடிச்சுட்டுதான் குடுக்கறேன். ஆனா 2025 ஏப்ரல்லேர்ந்து கவர்மென்ட்டுக்கு கட்டல, நூல் வாங்க யூஸ் ஆகுது, வருஷக் கடைசில வட்டியோட கட்டிக்கலாம்னு இருந்தேன். இப்ப ஒரு ஜாப் ஒர்க்காரர், அவர் பான்ல வரவான வரியைக் காட்டற 26ஏஎஸ்-ல ஒண்ணுமே காட்டலைன்னு சண்டைக்கு வர்றாரு. மச்சான் யூனிட்டுக்கு மட்டும் பிடிக்கறதில்ல, 25,000 25,000-ஆ குடுக்கறேன், இதுவரைக்கும் 3 லட்சம், அவரு வரி பிடிக்க வேண்டாம்னு 15ஜி ஃபாரம் வேற எழுதிக் குடுத்திருக்காரு. டிடிஎஸ் காசை லிக்விட் ஃபண்ட்ல போட்டு வை, மார்ச்ல எடுத்துக் கட்டுன்னு ஃபிரண்ட் சொல்றான். என்ன பண்றது சார்?

பதில்: ஜாப் ஒர்க் கூலிக்கு டிடிஎஸ் பிடிக்கச் சொல்ற 194சி பிரிவு உங்களுக்குத் தெரியுது, ரேட்டும் தெரியுது, அதனால அந்தப் பாடத்துக்குள்ள போகல. தப்பு ஒரே இடத்துலதான். அடுத்தவர் கூலியிலேர்ந்து பிடிச்ச வரியை உங்க கரண்ட் அக்கவுன்ட்லயே விட்டு வைக்கிறீங்க, அக்கவுன்ட்ல இருக்கிற காசு நூல் கடைக்காரன் போன் பண்ணா போயிடும், அவ்வளவுதான். 'வட்டியோட கட்டிக்கலாம்'னு நீங்க நினைச்ச கணக்குல வட்டி மட்டும்தான் இருக்கு, அதைவிட பெரிய ஐட்டம் ஒண்ணு இருக்கு, அதை நீங்க பார்க்கவே இல்ல.

முதல்ல வட்டி. பிடிச்சுட்டு கட்டலைன்னா மாசம் 1.5%, பிடிச்ச தேதியிலேர்ந்து கட்டுற தேதி வரைக்கும். இதுல மாசம்னா 30 நாள் இல்ல, காலண்டர் மாசத்தைத்தான் எண்ணுவாங்க, ஒரு நாள் தொட்டாலும் முழு மாசம். மே 31-ல பிடிச்சு ஜூன் 7-க்குள்ள கட்டினா வட்டியே கிடையாது, ஜூன் 8-ல கட்டினா மேக்கு ஒண்ணு ஜூனுக்கு ஒண்ணுன்னு 3% போட்டுடும் சிஸ்டம். உங்களுக்கு மாசம் பிடிச்சது 8,000, அதுக்கு 1.5%னா 120 ரூபாய். 2026 ஜனவரி 20-ந்தேதி கட்டுறீங்கன்னு வச்சுக்குவோம். ஏப்ரல் பிடிப்புக்கு 10 மாசம், மே மாசத்துக்கு 9, இப்படியே இறங்கி டிசம்பருக்கு 2 (ஜனவரி 7 தாண்டிடுச்சே), எல்லாம் கூட்டினா 54 மாசம். 54 இன்டு 120, அதாவது 6,480 ரூபாய். 72,000 வரிக்கு இது ஒண்ணும் தலை போற தொகை இல்லதான்.

இப்ப ரிட்டர்னுக்கு வாங்க. வரி கட்டுறது ஒரு வேலை, யாருக்காக கட்டினேன்னு 26க்யூ போட்டு சொல்றது இன்னொரு வேலை. ஏப்ரல்-ஜூன் காலாண்டுக்கு ஜூலை 31 கடைசி, ஜூலை-செப்டம்பருக்கு அக்டோபர் 31. நீங்க ரெண்டுமே போடல. 234ஈ-ல லேட் ஃபீ நாளைக்கு 200 ரூபாய், அந்தக் காலாண்டு டிடிஎஸ் தொகை வரைக்கும் ஏறும். முதல் காலாண்டுக்கு 173 நாள் லேட், 34,600 வரணும், ஆனா உங்க டிடிஎஸ் 24,000தான், அதனால 24,000-ல நிக்கும். ரெண்டாவதுக்கு 81 நாள், 16,200. ஆக லேட் ஃபீ மட்டும் 40,200. வட்டி 6,480-ஐயும் சேர்த்தா 46,680 ரூபாய் தண்டம். இந்தக் காசை கையில வச்சிருந்ததுல நீங்க எவ்வளவு மிச்சம் பண்ணீங்க? உங்க பேங்க் ஓவர்டிராஃப்ட், அதாவது ஓடி வட்டி 11%னு வச்சாலும் சுமார் 3,100 ரூபாய். 3,100 மிச்சம் பண்ண 46,680 செலவு பண்ணியிருக்கீங்க.

லிக்விட் ஃபண்ட் யோசனை சொன்ன ஃபிரண்ட்கிட்ட இந்தக் கணக்கைக் காட்டுங்க. ஆறு, ஏழு பெர்சென்ட் தர்ற இடத்துல காசைப் போட்டுட்டு வருஷத்துக்கு 18% வட்டியும் நாளைக்கு 200 ரூபாயும் கட்டுறதுக்கு இன்வெஸ்ட்மென்ட்னு பேர் வச்சா எப்படி? அதோட அது உங்க காசும் இல்ல. இப்பல்லாம் எதைக் கேட்டாலும் ஃபண்ட்ல போடு ஆப்ல போடுன்னு ஒரு பதில் ரெடியா வச்சிருக்காங்க.

சரி, இப்ப என்ன பண்ணணும். இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல டிடிஎஸ் பிடிக்கறவங்களுக்கான உங்க டான் நம்பர்ல லாகின் பண்ணி e-Pay Tax போங்க, டிடிஎஸ் கட்டுற ஆப்ஷன்ல 94C எடுங்க. அசெஸ்மென்ட் இயர் கேக்கும்போது 2026-27, நிறைய பேர் இங்க 2025-26 போட்டுட்டு அப்புறம் சலான் மேட்ச் ஆகலைன்னு அலையறாங்க. ஒவ்வொரு காலாண்டுக்கும் தனி சலான் போடுங்க, அப்புறம் உங்களுக்கே குழப்பம் இருக்காது. சலான்ல வரி, வட்டி, 234ஈ ஃபீ மூணுக்கும் தனித்தனி கட்டம் இருக்கு, மொத்தத்தையும் வரி கட்டத்துல போட்டுடாதீங்க. முதல் காலாண்டுக்கு வரி 24,000, வட்டி 3,240, ஃபீ 24,000. ரெண்டாவதுக்கு 24,000, 2,160, 16,200. மூணாவதுக்கு 24,000-மும் 1,080-மும், அதோட ரிட்டர்னுக்கு ஜனவரி 31 வரைக்கும் டைம் இருக்கு, ஃபீ கிடையாது. மொத்தம் 1,18,680. காசு இல்லைன்னா ஓடியில எடுத்துக் கட்டுங்க, தயவுசெஞ்சு அஞ்சு நிமிஷத்துல லோன் தர்ற ஆப் பக்கம் போகாதீங்க.

சலான் ரசீதுல பிஎஸ்ஆர் கோடு, தேதி, சலான் சீரியல் நம்பர் மூணும் வரும், அதை ஆடிட்டர்கிட்ட குடுத்தா 26க்யூ-ல சேர்த்துடுவாரு. ரெண்டு பழைய ரிட்டர்னையும் ஒரே நாள்ல போட முடிஞ்சா நல்லது. முடியலைன்னா ரெண்டாவது காலாண்டை முதல்ல போடுங்க. முதல் காலாண்டு ஃபீ நவம்பர் கடைசியிலயே உச்சத்தைத் தொட்டாச்சு, இனி ஏறாது, ரெண்டாவதுதான் இன்னும் தினம் 200 ஏறிட்டு இருக்கு.

அப்புறம், ரிட்டர்னை ஒரு மாசத்துக்கு மேல தள்ளினதால 271ஹெச்-ல 10,000-லேர்ந்து ஒரு லட்சம் வரைக்கும் பெனால்டி போட அதிகாரிக்கு இடம் இருக்கு. பிடிச்ச வரியை அந்தக் காலாண்டு ரிட்டர்ன் தேதிக்குள்ளயும் கட்டலைன்னா வழக்கு போடவே சட்டத்துல பிரிவு இருக்கு. பயமுறுத்தறதுக்காக சொல்லல, நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி நீங்களா கட்டிட்டீங்கன்னா பேசறதுக்கு உங்களுக்கு ஒரு முகம் இருக்கும், அதுக்காக சொல்றேன்.

சண்டைக்கு வர்ற ஜாப் ஒர்க்காரர் சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். அவர் கூலியில பிடிச்சாச்சு, அவர் பான்ல வரவு வரல, ரிஃபண்டும் கேக்க முடியாது. நீங்க சலான் கட்டினா மட்டும் அவருக்கு 26ஏஎஸ்-ல தெரியாது, 26க்யூ-ல அவர் பான் போட்ட என்ட்ரி ப்ராசஸ் ஆனாதான் தெரியும். பான்ல ஒரு எழுத்து மாறினாலும் காசு அவருக்குப் போகாது, அப்புறம் கரெக்‌ஷன் ரிட்டர்ன்தான். அதனால மூணு பேரோட பான் கார்டு காப்பியையும் பக்கத்துல வச்சுகிட்டு சரி பாருங்க. ப்ராசஸ் ஆனதும் ட்ரேசஸ் சைட்லேர்ந்து டிடிஎஸ் சர்டிஃபிகேட்டான 16ஏ டவுன்லோட் பண்ணி அவர் கையில குடுங்க. நீங்களே வேர்ட்ல டைப் பண்ணிக் குடுக்கறது செல்லாது.

இனிமே 7-ந்தேதியை ஞாபகம் வச்சுக்கற வேலையே வேண்டாம். 7 கடைசித் தேதிதான், அதுவரைக்கும் காத்திருக்கணும்னு யாரும் சொல்லல. பில் தொகையை அனுப்புற அதே நேரத்துல, அதே போன்ல, 8,000-த்துக்கு சலானும் போட்டுடுங்க. அக்கவுன்ட்ல ராத்திரி தங்கலைன்னா நூல் கடைக்குப் போகாது. மார்ச் பிடிப்புக்கு மட்டும் ஏப்ரல் 30 வரைக்கும் டைம் உண்டு, அதையும் அன்னைக்கே கட்டிடுங்க. 2026 ஏப்ரல் 1-லேர்ந்து 2025 வருமான வரிச் சட்டம்தான், 194சி-ங்கற நம்பர் போயி 393-க்குள்ள வந்துடுது, ஆனா நம்ம பேசிட்டு இருக்கிற 2025-26 கணக்கு பூரா பழைய சட்டத்துலதான்.

கடைசியா மச்சான். 30,000-க்குள்ள உடைச்சுக் குடுத்தா பிடிக்க வேண்டாம்ங்கறது பாதி உண்மைதான். ஒரு பேமென்ட் 30,000 தாண்டினாலும் பிடிக்கணும், வருஷ மொத்தம் ஒரு லட்சம் தாண்டினாலும் பிடிக்கணும், தாண்டின பிறகு வர்றதுக்கு மட்டுமில்ல, முதல் ரூபாய்லேர்ந்து மொத்தத்துக்கும். 15ஜி பேங்க் வட்டி மாதிரி சில வருமானத்துக்குத்தான், கான்ட்ராக்ட் கூலிக்கு செல்லாது, அந்தப் பேப்பரை அவர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. நிஜமாவே அவருக்கு வரி வராதுன்னா அவர் ரிட்டர்ன் போட்டு ரிஃபண்ட் வாங்கிக்கலாம், இல்ல 13-ம் நம்பர் ஃபாரம் போட்டு குறைச்சுப் பிடிக்க சர்டிஃபிகேட் வாங்கிட்டு வரலாம். ரெண்டுமே அவர் வேலை, உங்க வேலை இல்ல.

3 லட்சத்துக்கு 1% வெறும் 3,000. இதைப் பிடிக்காம விட்டா, அந்த 3 லட்சத்துல 30%, அதாவது 90,000-த்தை செலவா ஒத்துக்க மாட்டாங்க, உங்க லாபத்தோட சேர்த்துடுவாங்க. நீங்க 30% ஸ்லாப்ல இருந்தா 27,000 வரி, செஸ் தனி. மச்சான் முகம் சுளிக்கக் கூடாதுன்னு 27,000 குடுக்கறது ரொம்ப காஸ்ட்லியான பாசம்ங்க. வருஷம் இன்னும் முடியல, அதனால தப்பிக்க வழி இருக்கு. அடுத்த 25,000 பில்லுல பழைய 3,000-மும் இந்த பில்லுக்கு 250-மும் பிடிச்சு 21,750 அனுப்புங்க, அன்னைக்கே 3,250-க்கு சலான் போடுங்க. பிடிக்காம விட்ட மாசங்களுக்கு வட்டி 1%தான், சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும், அதை நீங்கதான் போடணும், அவர்கிட்ட கேக்காதீங்க. தங்கச்சிகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்புங்க, 21,750-ஐ பார்த்துட்டு போன் அங்கதான் முதல்ல போகும்.