டாலர் வைப்பும் ஃபார்வர்ட் பூட்டும்

கேள்வி: 2024 பிப்ரவரியில் டாலரை 4.80 வெள்ளிக்கு வாங்கி, 10,000 டாலரை ஓராண்டு வைப்பில் போட்டேன். வட்டி 5 விழுக்காடு. முதிர்ந்தபோது வங்கி 4.40 தான் கொடுத்தது. அடுத்த முறை ஃபார்வர்ட் போட்டு விலையைப் பூட்டிவிடலாமா? எவ்வளவு செலவாகும்? – வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: போட்டது 48,000 வெள்ளி, திரும்பியது 46,200. நட்டம் 3.75 விழுக்காடு. டாலர் இறங்கிய 8.33-இல் வட்டி 5-ஐக் கழித்தால் 3.33 தானே வரும் என்று தோன்றலாம். ஆனால் வட்டியாக வந்த 500 டாலரையும் அதே 4.40-க்குத்தான் மாற்றினீர்கள், அந்தச் சரிவு வட்டியையும் சேர்த்தே கடித்தது.

ஃபார்வர்ட் என்பது பின்னொரு நாளில் டாலரை விற்கும் விலையை வங்கியோடு இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தம். அதற்கு வங்கி தனியாகக் கட்டணம் கேட்காது. செலவு விலைக்குள்ளேயே இருக்கும். ஓராண்டு கழித்து நீங்கள் தரப்போகும் 10,500 டாலருக்கு ஈடாக வங்கி இன்றே 10,000 டாலர் கடன் வாங்கி, வெள்ளியாக மாற்றி, இங்கே வட்டிக்கு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வைப்பு போட்ட 2024 பிப்ரவரியில் பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டியான ஓ.பி.ஆர். 3 விழுக்காடு, அமெரிக்காவில் 5.25-க்கு மேல். இங்கே ஓராண்டு வட்டி 3.3 என்று கொண்டால், 48,000 வெள்ளி 49,584 ஆகும். அதை 10,500-ஆல் வகுத்தால் டாலருக்கு 4.72. அதுதான் நியாயமான ஃபார்வர்ட் விலை. டாலர் இறங்கும் என்று வங்கி ஆரூடம் சொல்வதாக நினைக்க வேண்டாம். இரண்டு நாட்டு வட்டியின் இடைவெளி மட்டுமே அது.

இனி கணக்கைப் பாருங்கள். 4.72-க்குப் பூட்டியிருந்தால் கிடைப்பது சுமார் 3.3 விழுக்காடு, அதாவது உள்ளூர் எஃப்.டி. தரும் அதே வட்டி. வங்கி தன் லாபத்தை எடுத்துக்கொண்டு 4.68 என்று சொன்னால் 2.4-க்கு வந்துவிடும். பூட்டிய டாலர் வைப்பைவிட எஃப்.டி.யே மேல். டாலர் 4.90 ஆனாலும் பூட்டிய விலைக்கே கொடுத்தாக வேண்டும். தவிர, 10,000 டாலருக்கெல்லாம் தனிநபருக்கு ஃபார்வர்ட் வசதி எளிதில் கிடைக்காது. பெரும்பாலும் கடன் வரம்போ பிணையமோ கேட்பார்கள்.

எனவே வைப்புக்கு ஃபார்வர்ட் வேண்டாம். முதிர்வு நாளில் டாலர் 4.72-க்கு மேல் நிற்குமா என்பதே அன்று நீங்கள் கட்டிய பந்தயம். பிள்ளையின் அமெரிக்கப் படிப்புக்கான பணமென்றால் பூட்டவே தேவையில்லை, டாலராகவே செலவழியப் போகிறது.

பங்குகளில் போடுகிறவருக்கு ஃபார்வர்ட் வேறு விதமாகச் சிக்கல் தரும். 10,000 டாலரை முன்கூட்டி விற்றுவிட்டு, பங்கு 8,000-க்கு விழுந்தால், மீதி 2,000 டாலரை அன்றைய விலைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். அவர்கள் யூனிட் டிரஸ்டில், டாலரின் ஏற்ற இறக்கம் பெரிதாகத் தாக்காதபடி வெள்ளியில் நடத்தப்படும் MYR Hedged வகுப்பைப் பார்க்கலாம். அங்கே நிதி மேலாளரே ஃபார்வர்டைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். அதே நிதியின் USD வகுப்பு ஈட்டிய விழுக்காட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாலர் வட்டி நம்முடையதைவிட உயர்ந்திருக்கும் ஆண்டுகளில் இது பின்தங்கும். அந்த இடைவெளிதான் நீங்கள் கொடுக்கும் பூட்டுக்கூலி.