புள்ளியை எடுத்தவர்கள் பெயரைச் சொல்லவில்லை என்றால்

கேள்வி: கல்லூரி இதழுக்குக் கட்டுரை எழுதுகிறேன். ஒரு பெரிய பிராண்ட் நம் சுங்குடி மாதிரியே புள்ளி போட்ட குர்த்தாவை ‘கோடைப் புள்ளி’ என்று விற்கிறது. மதுரை என்ற பேச்சே இல்லை. ‘திருட்டு’ என்று எழுதலாமா? – வாசகி, மதுரை

பதில்: எழுத வேண்டாம். ‘திருட்டு’ என்றதும் படிப்பவர் சட்டத்தை நினைப்பார், சட்டமோ இங்கே உங்கள் பக்கம் நிற்காது. ‘மதுரைச் சுங்குடி’ 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. அது காப்பது அந்தப் பெயரை. பெயரைத் தொடாமல் புள்ளியை மட்டும் எடுத்தவரை அதை வைத்துப் பிடிப்பது கடினம். பதிப்புரிமை, படைத்தவர் காலமாகி 60 ஆண்டுகள் வரைதான். தலைமுறைகளாகக் கைமாறி வந்த புள்ளிக்குப் படைத்தவர் என்று யாரைக் காட்டுவது? வடிவமைப்புப் பதிவோ புதியதற்கு மட்டும். எனவே உங்கள் கட்டுரையின் பொருள், எடுத்த இடத்தைச் சொல்லாமல் விட்டது. அதை அப்படியே எழுதுங்கள், அதுவே போதுமான குற்றச்சாட்டு.

முதலில் துணியைக் கையில் எடுங்கள். சுங்குடியில் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்க்கிறார்கள். நூல் இறுகிய இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. கையால் கட்டுவதால் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. விளிம்பில் சாயம் லேசாகக் கசிந்திருக்கும். பின்பக்கமும் முன்பக்கம் போலவே தெரியும். அச்சில் புள்ளிகள் அளவெடுத்தாற்போல ஒன்றாக இருக்கும், பின்பக்கம் பெரும்பாலும் மங்கும். அந்தக் குர்த்தாவையும் ஒரு கட்டுச் சுங்குடியையும் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் படம் எடுத்து அச்சிடுங்கள். ‘அப்பட்டமான காப்பி’ என்ற வரியை விட இந்தப் படம் அதிகம் பேசும்.

புள்ளி ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். கட்டிச் சாயமிடும் வித்தை குஜராத், ராஜஸ்தானிலும் பந்தனி என்ற பெயரில் இருக்கிறது. மதுரைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் சௌராஷ்டிரர்கள். ஆகவே புள்ளிகளின் அடுக்கு, கரை, நிறச்சேர்க்கை மூன்றும் சேர்ந்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். புள்ளி மட்டும் ஒத்தால் ‘சுங்குடியை நினைவூட்டுகிறது’, மூன்றும் ஒத்தால் ‘சுங்குடியின் அமைப்பைப் பின்பற்றியிருக்கிறது’ என்று எழுதலாம். இன்னொன்றையும் மறைக்காதீர்கள்: மதுரைக் கடைகளிலேயே அச்சுத் துணி சுங்குடி என்ற பெயரில் விலை போகிறது. வெளியூர்க்காரரை மட்டும் கேட்டால் கட்டுரை ஒருபக்கமாகச் சாயும்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு மெக்சிகோவின் ஒரு ரவிக்கை சாட்சி. ஓஹாக்கா மாநிலத்தில் சான்டா மரியா த்லாஹுயிதோல்தெபெக் என்ற ஊரில் மிஹே மக்கள் அணியும் பூவேலை ரவிக்கையை ஒத்த உடுப்பை, பிரெஞ்சு வடிவமைப்பாளர் இசபெல் மராண்ட் விற்பதாக 2015-ல் புகார் எழுந்தது. ஊரின் பெயரைச் சொல்லவில்லை என்ற புகார் நியாயமானது. ஆனால் மராண்ட் அந்த வடிவத்துக்கு உரிமை வாங்கிவிட்டார், இனி ஊர்க்காரர்களே பணம் கட்ட வேண்டும் என்றும் செய்தி பரவியது. நடந்தது வேறு. மராண்ட் மீது வழக்குப் போட்டது ஆன்டிக் பாடிக் என்ற இன்னொரு பிரெஞ்சு நிறுவனம், வடிவம் தங்களுடையது என்று. அதற்குப் பதில் சொல்லும்போதுதான் மராண்ட் தரப்பு, இது அந்த ஊரின் வடிவம் என்று நீதிமன்றத்தில் சொன்னது. பாரிஸ் நீதிமன்றமும் ஆன்டிக் பாடிக்குக்கு அந்த உரிமை இல்லை என்றது. வழக்குத் தாளைப் படிக்காமல் எழுதியவர்களால், ஊர்க்காரர்களின் உண்மையான குறை பொய்ச் செய்தியோடு கலந்துபோனது. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நீங்கள் எழுதும் வரி இப்படி இருக்கட்டும்: “இந்தக் குர்த்தாவின் புள்ளி அடுக்கும் கரையும் மதுரைச் சுங்குடியை ஒத்திருக்கின்றன. விற்பனைக் குறிப்பில் சுங்குடி என்றோ மதுரை என்றோ இல்லை. துணி அச்சிடப்பட்டது.” மூன்றும் யாரும் சரிபார்க்கக்கூடியவை. ‘திருடிவிட்டார்கள்’ என்று முடிச்சுப் போடும் அம்மா ஒருவர் சொன்னால், மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னபடியே போடுங்கள். ‘சௌராஷ்டிர சமூகம் கொதிக்கிறது’ என்று எழுதாதீர்கள். இரண்டு பேரிடம் பேசியிருந்தால் இரண்டு பேர் என்றே எழுதுங்கள். கட்டுபவர், சாயம் போடுபவர், கடைக்காரர் மூவருக்கும் குறை வேறு வேறாக இருக்கும். கட்டுபவரிடம் ஒரு சேலைக்கு என்ன கூலி, எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். அதைக் குர்த்தாவின் விலைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பிராண்டுக்கு மின்னஞ்சலில் இரண்டு கேள்வி போதும்: வடிவம் எங்கிருந்து வந்தது, மதுரையில் யாருடனாவது வேலை செய்தீர்களா. ஒரு வாரம் கொடுங்கள். பதில் வந்தால் வெட்டாமல் போடுங்கள். வராவிட்டால் எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதோடு “பதில் வரவில்லை” என்று எழுதுங்கள்.