3600 யூனிட்டைப் புளியங்கொட்டையில் எண்ணலாம்: வாசகர் கேள்விகள்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய். அதன் விதிகளைப் படம் போட்டு ஊரில் விளக்கும் தன்னார்வலர்களும் மகளிர் குழுவினரும் அனுப்பியவற்றில் நான்கு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3600 யூனிட்டைத் தாண்டக்கூடாது என்றால் யாருக்கும் பிடிபடவில்லை. பல்பு, ஃபேன் எல்லாம் வரைந்து பார்த்துவிட்டோம்.

பல்பை வரைந்தால் "ஃபேன் ஓடினால் காசு கிடைக்காதா?" என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கு. வருஷத்துக்கு ஆறு கணக்கு, அவ்வளவுதான். இங்கே ஒரு ஆபத்து உண்டு. 3600-ஐ ஆறால் வகுத்து "ஒரு தடவைக்கு 600" என்று சொல்லிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் ஒரு கணக்கு 700-ஐத் தொட்டதும், நமக்கில்லை என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவார்கள். பார்ப்பது வருஷத்து மொத்தத்தை.

நான் செய்வது இது. தரையில் சுண்ணாம்பால் 36 கட்டம். ஒரு கட்டம் நூறு யூனிட். மீட்டர் அட்டையையோ போனில் வந்த குறுஞ்செய்தியையோ பார்த்து, நூறுக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்வேன். உதிரியாக மிஞ்சினால் அதற்கும் ஒரு கொட்டை. ஒரு வீட்டுக் கணக்கு இப்படி இருந்தது: 310, 340, 720, 690, 420, 360. அந்தம்மா வைத்த கொட்டைகள் 4, 4, 8, 7, 5, 4. மொத்தம் 32, நான்கு கட்டம் காலி. கோடைக் கணக்கு இரண்டும் 600-ஐத் தாண்டியும் அவர் வரம்புக்குள்தான் இருக்கிறார் (சரியான கூட்டல் 2840). கொட்டை 36-ஐத் தாண்டினால் மட்டும் பேப்பரில் கூட்டிப் பாருங்கள். உதிரிக்கும் முழுக் கொட்டை வைத்ததால் தாண்டியிருக்கலாம்.

கார் இருக்கும் வீட்டுக்குத் தொகை இல்லை என்று காட்ட, கார் படத்தின் மேல் பெருக்கல் குறி போட்டோம். "முகாமுக்குக் காரில் வரக்கூடாதாம்" என்று ஊரில் பேச்சு!

பெருக்கல் குறி பள்ளிக்கூடத்து வாத்தியார் பாஷை. பள்ளிப் பக்கம் போகாதவருக்கு அது படத்தைக் கிறுக்கிய கோடு. குறியே வேண்டாம். வாசலில் காரோ டிராக்டரோ நிற்கும் வீடு ஒரு அட்டை, டிவிஎஸ் எக்ஸ்எல் நிற்கும் வீடு இன்னொரு அட்டை. எந்த வீட்டம்மாவுக்குப் பணம் வரும் என்று கேட்டு, அவர்களையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எங்கே குழம்புகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். சுவரில் பெயிண்ட் அடிக்காதீர்கள். இந்தத் திட்டத்தில் சில விதிகளைப் பிறகு தளர்த்தியிருக்கிறார்கள். அட்டை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே வீட்டில் மாமியார், இரண்டு மருமகள்கள். தனித்தனி அடுப்பு. "ஒரு அடுப்புக்கு ஒருத்தர்" என்று விளக்கலாமா?

கூடாது. அடுப்பு மூன்றானாலும் ரேஷன் கார்டு ஒன்று என்றால் பணம் ஒருவருக்கே, யாருக்கு என்பதைக் குடும்பம் முடிவு செய்யும். அந்தப் பெண்ணுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அடுப்பை வரையாமல் ஸ்மார்ட் கார்டையே வரையுங்கள். கையில் இருக்கும் பொருள்தான் நல்ல படம்.

விண்ணப்ப வரிசையை 1, 2, 3, 4 என்று கட்டம் கட்டி வரைந்தோம். கலைத்துப் போட்டுப் படிக்கிறார்கள்.

இடமிருந்து வலம் என்பது எழுத்துப் படித்தவருக்குப் பழகிய வழக்கம். ஊர்ப் பாதையை வரையுங்கள். வீடு, ரேஷன் கடை, முகாம் நடக்கும் பள்ளிக்கூடம், வங்கி. 2023-ல் கடைப் பணியாளர்கள் விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்தார்கள். டோக்கனில் போட்ட நாளில் ஆதார், ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போக வேண்டியிருந்தது. வருமானச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. தெருவில் கோலமாவால் பாதை போட்டு நடக்கவிட்டால் ஒருவரும் வரிசை தப்புவதில்லை.

அதிகம் தடுமாறுவது கடைசி இடத்தில். புதுக் கணக்கின் புத்தகத்தைக் காட்டிய ஒருவருக்குப் பணம் வரவில்லை. பார்த்தால், நூறு நாள் வேலைக்குத் திறந்து மறந்துபோன பழைய கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. ஆதார் வழியாகப் போகும் பணம், புத்தகத்தைப் பார்த்துப் போவதில்லை. பணம் பெறுவதற்கென்று ஆதாரைக் கடைசியாக எந்தக் கணக்கில் சேர்த்தோமோ அங்கே போகும். வாய்க்காலையும் இரண்டு வயலையும் வரைந்து, எந்த மடை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். உடனே புரிந்துகொள்வார்கள்.

நிராகரிப்புக் குறுஞ்செய்தி வந்தால் அதை அழிக்க வேண்டாமென்று சொல்லிவையுங்கள். 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும், நாள் கணக்கு அந்தச் செய்தியிலிருந்துதான் தொடங்கும்.