சுவரில் எழுத ஒரு வரி

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நூலகச் சுவரில் எழுத ஒரு வாசகம் கேட்டார்கள். ‘புத்தகத்தை எடுத்துச் செல்லும்போது காட்டுகிற ஆர்வத்தைத் திருப்பித் தருவதிலும் காட்டுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எனக்கே அது சரியாக நினைவில் இல்லை. பாட்டி சொன்ன ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ மட்டும் 40 வருடமாக அப்படியே இருக்கிறது. ஏன் இப்படி?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டி சொன்னதில் இருப்பது நான்கே சொற்கள். அந்த நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பந்தி, படை இரண்டும் ‘ப’வில் தொடங்குகின்றன, அது மோனை. முந்து, பிந்து இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ந்’, அது எதுகை. பொருளில் இரண்டும் எதிரெதிர். அதை முரண் தொடை என்பார்கள். ‘படைக்கு’ என்று சொல்லி நின்றுவிட்டால், அடுத்த சொல் முந்துவுக்கு எதிராக இருக்க வேண்டும், முந்துவைப் போலவே ஒலிக்கவும் வேண்டும். அங்கே ‘பிந்து’வைத் தவிர வேறு சொல் உட்காராது. அதாவது முதல் பாதி நினைவிருந்தால் போதும், அதுவே இரண்டாம் பாதியை எடுத்துக் கொடுத்துவிடும்.

‘விருந்துக்கு முதலில் போ, சண்டைக்குக் கடைசியில் போ’ என்றாலும் பொருள் அதேதான். ஆனால் கடைசியில் என்பதை ‘மெதுவாக’ என்று மாற்றினால் காது தடுக்காது. காது தடுக்காத இடத்தில்தான் மறதி நுழைகிறது.

‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ வேறு வகை. அதில் எல்லாம் அப்படியே இருக்க, ‘ரு’ மட்டும் ‘ற’ ஆகிறது. அந்த ஓரெழுத்தில் உயிரே போய்விடுகிறது!

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வகை, கண்ணாடி போலத் திரும்புவது.

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு.

முதலில் புண், பிறகு ‘ஆறும்’. திரும்பும்போது முதலில் ‘ஆறாதே’, பிறகு வடு. ஆறும், ஆறாதே இரண்டும் நடுவில் முட்டிக்கொள்கின்றன. ‘நாவினாற் சுட்ட வடு ஆறாது’ என்று நேர்வரிசையில் சொல்லிப் பாருங்கள், அந்த மோதல் காணாமல் போகும்.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். அதில் எடுப்பதும் தருவதும் எதிரெதிராக இருக்கின்றன, முரண் கைவசம் உண்டு. ஆனால் வாக்கியத்தின் கனம் ‘ஆர்வத்தை’க் காட்டுவதில் போய் விழுகிறது. ஆர்வத்தை எடுத்துவிட்டு, ‘தரு’ என்பதைக் ‘கொடு’ ஆக்கினால் எடு, கொடு என்று எதுகை கிடைக்கிறது. நடுவே என்ன நடக்கிறது? படிக்கிறோம். அதிலும் இரண்டாம் எழுத்து டகரம்தான்.

எடுத்துப் படி
படித்துக் கொடு

எடுப்பது ஒரு முனை, கொடுப்பது மறுமுனை, நடுவில் இரண்டு ‘படி’. எந்தச் சொல்லை மறைத்தாலும் மற்ற மூன்றும் அதைச் சொல்லிவிடும்.

இந்த அமைப்பு நிபந்தனைகளைத் தாங்காது. ‘உரிய தேதிக்குள்’ என்று நூலகர் சேர்க்கச் சொல்வார். அதை இந்த நான்கு சொற்களுக்குள் நுழைக்காமல், கீழே சின்ன எழுத்தில் தனியாக எழுதிவிடுங்கள்.