தடித்த சுவர் சாகிறது, மெல்லிய சுவர் தப்புகிறது: ஏன்?

"இரண்டு பாக்டீரியாக்களில் ஸ்டெஃபைலோகாக்கஸின் சுவர்தான் தடிமன். பிறகு ஏன் பென்சிலின் ஜி அதைக் கொன்றுவிட்டு, மெல்லிய சுவருள்ள ஈ. கோலையை விட்டுவிடுகிறது? தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?"

சுவரின் தடிமன் இங்கே கணக்கிலேயே இல்லை. மருந்து உள்ளே போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. ஈ. கோலையின் மெல்லிய சுவருக்கு வெளியே இன்னொரு கொழுப்புச் சவ்வு போர்த்தியிருக்கிறது. அதிலுள்ள நீர் நிறைந்த குறுகிய புரதத் துளைகள் வழியாகப் பென்சிலின் ஜி எளிதில் நுழையாது. ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு அந்தப் போர்வை இல்லை. அதன் சுவர் தடித்திருந்தாலும் சல்லடை போன்றது.

பென்சிலின் சுவரைக் கரைக்கிறது என்று நினைத்திருப்பீர்கள், குழப்பம் அங்கேதான். கரைப்பது கண்ணீரிலுள்ள லைசோசைமின் வேலை. பென்சிலினோ, சுவர் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. வளரும் செல் தன் சுவரைத் தானே வெட்டி இடம் விடும். பிணைக்க ஆள் இல்லாததால் உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது. வளராமல் கிடக்கும் செல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆய்வகத்தில் சரிபார்க்க: பென்சிலினைச் சிதைக்கும் பீட்டா லாக்டமேஸ் நொதியைச் சுரக்காத ஈ. கோலை வகையைத் தட்டில் பரப்பி, பென்சிலின் ஜி வட்டையும் ஆம்பிசிலின் வட்டையும் வையுங்கள். ஆம்பிசிலினைச் சுற்றித் தெளிந்த வளையம் பெரிதாக இருக்கும். பென்சிலின் ஜியைவிட ஆம்பிசிலினில் கூடுதலாக உள்ள ஒரே ஓர் அமினோ தொகுதி அதைத் துளை வழியே நுழைய விடுகிறது. சுவர் அதே சுவர்தான்!

ஆனால் இதை விதியாக மனப்பாடம் செய்யாதீர்கள். மெனிங்கோகாக்கஸும் ஈ. கோலையைப் போல வெளிச்சவ்வு போர்த்திய கிராம் எதிர் வகைதான். அதைப் பென்சிலின் ஜி கொல்லும். இன்று நோயாளிகளிடம் கிடைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸில் பெரும்பாலானவை மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பவை.